இன்னும் எரியும் பச்சைப் புள்ளி

டேட்டிங் ஆப்பில் அறிமுகமாகி, சில வாரம் பேசி, நேரில் சந்தித்து, "இனிமே நாம ரெண்டு பேரும் வேற யாரையும் பாக்க வேண்டாம்" என்று ஒப்புக்கொண்ட பலருக்கும் பிறகு ஒரு நாள் இந்தச் சங்கடம் வருகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து, ஏதோ ஒரு காரணத்துக்காக ஒருவர் அந்த ஆப்பைத் திறக்கிறார். பழைய பேச்சுகளின் பட்டியலில் தன் துணையின் படம் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி.

அதைப் பார்த்த நொடியில் மனம் முழுக் கதையையும் எழுதி முடித்துவிடுகிறது. வேறு யாரிடமோ பேசுகிறான், என்னிடம் சொன்னதெல்லாம் பொய், நான்தான் ஏமாந்தேன். சிலர் அந்த இரவே சண்டை போட்டு உறவை முறித்துக்கொள்கிறார்கள். சிலர் வாயைத் திறக்காமல் வாரக்கணக்கில் தினமும் அந்தப் புள்ளியைப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தரப்புமே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் புள்ளிக்கு எவ்வளவு தெரியும் என்பதை.

2012-இல் வெளிவந்து உலகமெங்கும் பரவிய டிண்டரையே எடுத்துக்கொள்வோம். அதில் பச்சைப் புள்ளி இருந்தால், அந்தக் கணக்குக்குரியவர் கடந்த 24 மணி நேரத்துக்குள் ஆப்பில் இருந்திருக்கிறார் என்று பொருள். ஹிஞ்ச் ஆப்பில் இதே தகவல் Active today என்ற எழுத்தாக வரும. உள்ளே போனவர் என்ன செய்தார் என்பதைப் புள்ளி காட்டாது. புதிய முகங்களைத் தள்ளிப் பார்த்தாரா, பழைய மெசேஜுக்குப் பதில் போட்டாரா, "உங்களுக்கு ஒரு லைக் வந்திருக்கிறது" என்ற அறிவிப்பைத் தொட்டுவிட்டு உடனே வெளியே வந்தாரா, எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைதான்.

புள்ளியே இல்லாமல் ப்ரொஃபைல் மட்டும் தெரிந்தால் அதற்கு இன்னும் குறைவான அர்த்தம்தான் உண்டு. ஃபோனிலிருந்து ஆப்பை நீக்கினால் கணக்கும் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது. ஆப் என்பது ஃபோனில் இருக்கும் கதவு. கணக்கு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. கதவைக் கழற்றி வைத்தாலும் உள்ளே படமும் பெயரும் அப்படியே இருக்கும். பழைய மேட்ச்களின் பட்டியலிலும் தெரியும், புதியவர்கள் சிலருக்கும் காட்டப்படலாம். கணக்கு ஒழிய வேண்டுமானால் ஆப்புக்குள் செட்டிங்ஸில் போய் Delete Account கொடுத்தாக வேண்டும். ஆகவே, "ஒப்புக்கொண்ட அன்னிக்கே எடுத்துட்டேன்" என்று ஒருவர் மனசாரச் சொல்ல, அவருடைய ப்ரொஃபைல் இன்னொருவர் திரையில் தெரிந்துகொண்டிருப்பது முற்றிலும் நடக்கக்கூடியது.

அடுத்து, தொலைவு. "6 கி.மீ. தூரத்தில்" என்று ப்ரொஃபைலில் வருமே, அது. நேற்று 6 இருந்தது, இன்று 300 காட்டுகிறது, அப்படியென்றால் ஆப்பைத் திறந்திருக்கிறான் என்று கணக்குப் போடுகிறார்கள். பாதி சரி. ஆப்பைத் திறக்கும்போதுதான் ஒருவருடைய இடம் புதுப்பிக்கப்படும். ஆனால் திரையில் வரும் எண் இரண்டு பேருக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தூரம். அவர் அசையாமல் இருக்க, நீங்கள் சென்னையிலிருந்து திருச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போய் ஆப்பைத் திறந்தாலும் எண் மாறும். இதைக் கவனிக்காமல் பெரிய சண்டைக்குப் போகக் கூடாது.

படங்களிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. டிண்டரில் ஸ்மார்ட் போட்டோஸ் என்றொரு வசதி இருக்கிறது. எந்தப் படத்துக்கு அதிக வரவேற்பு என்று பார்த்து, அதைத் தானாகவே முதலில் கொண்டுவந்து வைக்கும். படங்களின் வரிசை மாறியிருப்பதை வைத்து, அவர் உட்கார்ந்து அலங்கரித்திருக்கிறார் என்று முடிவு கட்ட முடியாது. வயது ஒன்று கூடியிருப்பதும் பிறந்த தேதியை வைத்து ஆப்பே செய்வது. நீங்கள் இதுவரை பார்க்காத புதுப்படம், போன மாதம் நீங்களே எடுத்துக் கொடுத்த படம், மாற்றி எழுதிய அறிமுக வரி, இவை வேறு ரகம். இவற்றை ஒருவர் கைப்படத்தான் செய்ய முடியும். நான் கனமாக எடுத்துக்கொள்வது இந்தத் தடயங்களைத்தான்.

மறுபக்கமும் உண்மை. புள்ளி இல்லை என்பதால் உள்ளே போகவில்லை என்று ஆகிவிடாது. தான் ஆப்பில் இருப்பது தெரியாதபடி செட்டிங்ஸில் அணைத்துவைக்கலாம். புதியவர்களுக்குத் தன் ப்ரொஃபைல் காட்டப்படுவதை நிறுத்திவைத்துவிட்டு, பழைய மேட்ச்களோடு மட்டும் தொடர்ந்து பேசலாம். ஹிஞ்ச் இதை Pause என்கிறது. பட்டியலிலிருந்து ஒருவர் சட்டென்று மறைந்துபோனாலும், கணக்கை அழித்தாரா, உங்களை மட்டும் அன்மேட்ச் செய்தாரா என்று உங்கள் திரையை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று. அவருடைய புள்ளியைப் பார்க்க நீங்கள் ஆப்புக்குள் போனீர்கள் அல்லவா? அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு உங்கள் படத்தின் ஓரத்திலும் அதே பச்சை எரிகிறது. அவர் பார்த்தால் உங்களைப் பற்றியும் அதே கதையை எழுதிக்கொள்ளலாம். பேசப் போகும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது மிகவும் உதவும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பெயர் வேண்டாம், இப்படி நடக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு 28 வயது, தரமணியில் வேலை. அவனுக்கு 30, சிறுசேரியில் வேலை, சொந்த ஊர் கோவை. டிண்டரில் அறிமுகம். மூன்று மாதப் பழக்கத்துக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை இரவு, இனி இருவரும் வேறு யாரையும் பார்ப்பதில்லை என்று பேசி முடிவு செய்கிறார்கள். ஆப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலை. அவன் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகக் கோவை போயிருக்கிறான். தங்கள் முதல் பேச்சை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அவள் ஆப்பைத் திறக்கிறாள். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ப்ரொஃபைலைத் தொட்டால் தூரம் 425 கி.மீ. என்று வருகிறது. படங்கள் பழையவைதான், ஆனால் மூன்றாவதாக இருந்த படம் இப்போது முதலில். அறிமுக வரி மாறவில்லை.

இதில் அவளுக்கு உறுதியாகத் தெரிவது என்ன? அவள் சென்னையை விட்டு நகரவில்லை. 425 என்பது சென்னைக்கும் கோவைக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தூரம். ஆக, ஆப் அவன் ஃபோனில் இருக்கிறது. கோவைக்குப் போன பிறகு, கடந்த ஒரு நாளுக்குள் திறக்கப்பட்டிருக்கிறது. படத்தின் வரிசையை அவள் கணக்கிலேயே சேர்க்க வேண்டியதில்லை. யாரையாவது அவன் ஸ்வைப் செய்தானா, யாரிடமாவது பேசினானா என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே இருக்கும் இந்தக் கோட்டை ஒரு காகிதத்திலோ ஃபோன் நோட்ஸிலோ எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வேன். பேச்சு சூடாகும்போது தெரியாததும் தெரிந்ததுபோல வாயில் வந்துவிடும்.

அன்றிரவு அவளுடைய தோழி ஒரு யோசனை சொல்கிறாள். "நான் ஒரு ஃபேக் ஐடி போட்டு அவனுக்கு லைக் பண்றேன், மாட்டுறானான்னு பாப்போம்." நல்ல மனதோடு வரும் யோசனைதான். ஆனால் ஏற்கக் கூடாது. மாட்டினால், நீ என்னைப் பொறி வைத்துப் பிடித்தாய் என்பதைப் பற்றியே பேச்சு ஓடும். அவன் செய்தது பின்னுக்குப் போய்விடும். மாட்டாவிட்டால், இப்படி ஒரு வேலை செய்தோம் என்ற ரகசியத்தை அவள் காலமெல்லாம் சுமக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அவள் கையிலும் ஒரு பொய் ஏறிவிடுகிறது.

வாட்ஸப்பிலும் கேட்கக் கூடாது. கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே நிற்பவனிடம் "டிண்டர்ல என்ன பண்ற?" என்று ஒரு வரி போய்ச் சேர்ந்தால், பதில் வரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு ஒரு சாட்சியாகத் தோன்றும். அவன் ஊர் திரும்பட்டும். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். நேரில் பார்க்கும் முதல் அமைதியான பொழுதே போதும். பைக்கில் போகும்போதும், ஒருவர் சாப்பிடாமல் களைத்து வந்திருக்கும்போதும் வேண்டாம்.

புதன்கிழமை மாலை திருவான்மியூர் கடற்கரையில் நடக்கும்போது அவள் கேட்கிறாள்.

"ஒண்ணு கேக்கணும். கோவமா கேக்கல. ஞாயித்துக்கெழம நம்ம மொத சாட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம்னு டிண்டர் தொறந்தேன். உன் பேர் பக்கத்துல பச்சப் புள்ளி இருந்துச்சு, கோயம்புத்தூர் தூரமும் காட்டுச்சு. அதுலேர்ந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு. என்னன்னு நீயே சொல்லு."

இதில் அவள் என்ன செய்திருக்கிறாள் என்று கவனியுங்கள். தான் ஏன் உள்ளே போனாள் என்பதை அவன் கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாள். தனக்கு எப்படி இருக்கிறது என்றாள். முடிவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பேச்சை அவனிடம் கொடுத்தாள். "ஏன் இப்படிப் பண்ற?" என்று தொடங்கியிருந்தால் குற்றம் நடந்துவிட்டது என்றாகியிருக்கும், அவன் தப்பிக்கத்தான் வழி தேடுவான். தோழி பார்த்துச் சொன்னதாக இருந்தால் அதையும் அப்படியே சொல்லிவிட வேண்டும். "சும்மா கேக்குறேன், நீ டிண்டர்லாம் எடுத்துட்டியா?" என்று தெரியாததுபோலக் கேட்டு ஆழம் பார்ப்பது இன்னொரு வகைப் பொறிதான்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் வருகிறான். பிறகு, "லைக் வந்துருக்குன்னு நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. தொட்டுட்டேன். உள்ள போனப்புறம் பழக்கத்துல ஒரு பத்துப் பேர ஸ்வைப் பண்ணேன். யாருக்கும் மெசேஜ் பண்ணல" என்கிறான். கூடவே, "நாம ஆப்ப எடுக்கணும்னு பேசவே இல்லையே?" என்றும் கேட்கிறான்.

அந்தக் கேள்வி அவளுக்குச் சுடும். ஆனாலும் அதில் உண்மை இருக்கிறது. "வேறு யாரையும் பார்ப்பதில்லை" என்பதை அவள், கணக்கை அழிப்பது, உள்ளே போகாமல் இருப்பது எல்லாம் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டாள். அவன் வேறு யாரையும் நேரில் சந்திப்பதில்லை என்ற அளவில் எடுத்துக்கொண்டான். நான் கேட்டறிந்தவரை, இந்த மாதிரிச் சண்டைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தம் ஒரே வாக்கியம். ஆளுக்கு ஒரு அர்த்தம்.

அவள் சொல்கிறாள்: "ஆமா, பேசல. நான் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். ஆனா நீ ஸ்வைப் பண்ணேன்னு சொன்னது எனக்கு வலிக்குது. பழக்கம்னாலும் வலிக்குது. இப்பவாவது தெளிவாப் பேசிடலாமா? எனக்கு ரெண்டு பேர் கணக்கும் இருக்கக் கூடாது."

நிதானம் என்பதற்கு வலியை மறைப்பது என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. அவள் வலிக்கிறது என்றாள், வேண்டியதையும் கேட்டாள். குரல் மட்டும் உயரவில்லை.

எல்லாப் பதிலும் இப்படி நேராக வராது. ஒரு பதில் பொருந்துகிறதா என்று பார்க்க, மேலே சொன்ன விவரங்கள் உதவும். "அன்னிக்கே அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன், அப்புறம் தொடவே இல்ல" என்று சொல்கிறார், ஆனால் புள்ளி நேற்றும் எரிந்தது என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஃபோனில் ஆப் இல்லாமல், பிரவுசரிலும் போகாமல், கணக்கு எப்படி உள்ளே இருந்ததாகக் காட்டும்? அங்கே மெதுவாக, "அப்படின்னா பச்சப் புள்ளி எப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரியல" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். புள்ளி இல்லை, ப்ரொஃபைல் மட்டும் தெரிந்தது என்றால் அதே பதில் கச்சிதமாகப் பொருந்தும். அதை நம்புவதில் தவறே இல்லை.

"நீ ஏன் உள்ள போன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், அது நியாயமான கேள்வி. சொல்லிவிட்டு, "இப்ப நீ சொல்லு" என்று பேச்சைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கோபமாக வெடித்து, கடைசியில் கேட்டவரே மன்னிப்புக் கேட்கும்படி ஆனால், புள்ளியைவிடப் பெரிய தகவல் அதில் கிடைத்துவிட்டது.

ஃபோனை வாங்கிப் பார்க்கக் கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் வாங்கிப் பார்த்தால் அடுத்த சந்தேகத்துக்கும் அதையே வாங்க வேண்டிவரும். பாஸ்வேர்டு கேட்பதும் அப்படியே. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் கணக்கை அவரவரே அழிப்பதில் யாரும் யாரையும் சோதனை போடவில்லை. தயக்கம் இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

அழிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பழைய பேச்சில் வைத்துக்கொள்ள விரும்புவதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு போனால் மேட்ச், மெசேஜ் எல்லாம் போய்விடும். அடுத்து, பணம் கட்டிய சந்தா இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் ப்ளே வழியாகவோ ஆப்பிள் வழியாகவோ கட்டியிருந்தால், டிண்டரில் கணக்கை அழித்தாலும் அந்தச் சந்தா தானாக நிற்காது. ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரில் Subscriptions என்ற இடத்திலும், ஐஃபோனில் செட்டிங்ஸில் பெயரைத் தொட்டு அதே பெயருள்ள இடத்திலும் போய் ரத்து செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆப்புக்குள் Delete Account. கடைசியாக ஆப்பை ஃபோனிலிருந்து எடுப்பது. சந்தாவை நிறுத்தாமல் விட்டு, மாதக் கணக்கில் பணம் போவது வங்கிக் குறுஞ்செய்தியில் தெரிந்து, அதை வைத்து இரண்டாவது சண்டை வருவது உண்டு. வேறு ஆப்களிலும் கணக்கு இருந்தால் அதே நாளில் அவற்றையும் முடித்துவிடலாம்.

பேச்சின் முடிவில், மெசேஜ் மட்டும் என்பதைத் தாண்டி வேறு ஒருவரோடு நெருக்கம் இருந்தது என்று தெரியவந்தால், உறவைப் பற்றிய முடிவு ஒரு பக்கம் இருக்கட்டும். உடம்பைப் பற்றி உடனே யோசிக்க வேண்டும். "இனி நாம் மட்டும்தான்" என்ற நம்பிக்கையில் ஆணுறையை நிறுத்தியவர்கள் நிறைய உண்டு. நேராகக் கேளுங்கள், பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாக வைக்கப்படும். தொற்று நேர்ந்த உடனே பரிசோதனையில் தெரியாது என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி செய்யச் சொல்வார்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு வடிவமும் இதற்கு உண்டு: திருமணத் தகவல் தளங்கள். அங்கே ப்ரொஃபைலைத் தொடங்கும்போதே, யாருக்காக என்று கேட்பார்கள். தனக்கு, மகனுக்கு, மகளுக்கு, தங்கைக்கு என்று தேர்வுகள் இருக்கும். அப்பாவோ அத்தையோ தொடங்கிய கணக்காக இருந்தால் உள்ளே போய் வருவதும் அவர்கள்தான். பிள்ளை இங்கே ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்க, வீட்டில் சொல்லாத காரணத்தால் அப்பா தினமும் காலையில் வரன் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ப்ரொஃபைல் உயிரோடு இருப்பது ஏமாற்று வேலையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வீட்ல எப்பச் சொல்லப் போற?" அதற்கு ஒரு தேதி கிடைக்கவில்லை என்றால், அந்தக் கணக்கை அழிக்கச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. தொடங்கியவர் அப்பா, அவருக்குக் காரணம் தெரியாது.

கடற்கரையில் நடந்த அந்த இருவரும் அன்றே கணக்கை அழித்தால், அதோடு இன்னும் இரண்டு விஷயங்களைப் பேசிக்கொள்ள வேண்டும். பழைய மேட்ச்களில் இன்ஸ்டாகிராமுக்கு மாறிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் யாராவது உண்டா, அவர்களிடம் என்ன சொல்வது என்பது ஒன்று. ஆப் போனாலும் அந்தப் பேச்சு இன்ஸ்டாகிராமில் தொடரும். இருவரில் ஒருவருக்கு மனம் மாறி மறுபடி கணக்கு தொடங்கத் தோன்றினால், தொடங்கும் முன் மற்றவரிடம் சொல்லிவிடுவது என்பது இன்னொன்று. அவன் இரண்டுக்கும் சரி என்று சொல்லி, ஒரு மாதம் கழித்துத் தோழியின் ஆப்பில் புதுக் கணக்கோடு வந்து நின்றான் என்றால், இப்போது அர்த்தக் குழப்பம் என்று சொல்ல வழியில்லை. பழைய ப்ரொஃபைல் தானாக உயிர் பெற்று வராது. பெயரும் படமும் போட்டு ஒருவர் உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. அப்போது அவள் மறுபடி முதலிலிருந்து விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பார்த்ததைச் சொல்லி, விலகுகிறேன் என்று சொல்லலாம்.